8.38 சதவீதம்: காங்கிரசுக்கு 34 இடம், தேமுதிகவுக்கு 1 இடம்

சேது, திருநகர்

2006 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கிய ஓட்டு 8.38 சதவீதம். தேமுதிக வாங்கியதும் 8.38 சதவீதம். இரண்டு கட்சிக்கும் தலா 27.6 லட்சம் ஓட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் காங்கிரசுக்கு 34 எம்.எல்.ஏ. கிடைத்தார்கள். தேமுதிகவில் இருந்து விருத்தாசலத்தில் ஜெயித்த விஜயகாந்த் மட்டும் சபைக்குப் போனார்.

நம்ம ஊரில் 2005 செப்டம்பரில் தொடங்கின கட்சி அது. அதன் கணக்கை அடுத்தடுத்த தேர்தல்களிலும் பாருங்கள். 2009 மக்களவைத் தேர்தலில் ஓட்டு 10 சதவீதம் ஆனது, இடம் பூஜ்யம். 2011-ல் அதிமுகவோடு சேர்ந்து 41 தொகுதியில் நின்றது. ஓட்டு 7.88 சதவீதமாகக் குறைந்தது, இடமோ 29. திமுகவை விட அதிகம் என்பதால் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். ஓட்டு ஏறினபோது ஒன்றும் கிடைக்கவில்லை, இறங்கினபோது அள்ளிக் கொடுத்தது.

அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்கிற நம்ம முறை சின்னக் கட்சிகளை ஒழித்துவிடும் என்று பொதுவாகச் சொல்வோம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஓட்டு பரவிக் கிடக்கிற கட்சியைத்தான் இந்த முறை ஒழிக்கிறது. ஒரே வட்டாரத்தில் குவிந்து கிடந்தால் 2 சதவீதக் கட்சிகூட சபைக்குள் போய்விடும். மாநிலம் முழுக்க வீட்டுக்கு வீடு ஆள் இருந்தும் எந்த ஊரிலும் முதலிடம் வராவிட்டால், 10 சதவீதம் இருந்தாலும் வெளியில்தான் நிற்க வேண்டும். விகிதாச்சார முறை வந்தால் இது எப்படி மாறும், யாருக்கு நல்லது, யாருக்கு நஷ்டம் என்று பேசலாம். வாங்க.

மூர்த்தி, உசிலம்பட்டி

நீங்க சொல்ற குவிஞ்ச கட்சிக்கு எங்க ஊரே சாட்சி சார். ஃபார்வர்ட் பிளாக் கட்சிக்கு மாநில அளவுல என்ன சதவீதம் இருந்துச்சு? சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. ஆனா மூக்கையாத் தேவர் காலத்துல உசிலம்பட்டியில அவரை அசைக்க முடிஞ்சதா? 2011-லயும் ஃபார்வர்ட் பிளாக்குதான் இங்க ஜெயிச்சது, அதிமுக கூட்டணியில.

அதனாலதான் விகிதாச்சாரம் வேண்டாம்ங்கிறேன். இப்ப ஜாதிக்கு ஒரு சங்கம் இருக்கு. அது வந்துச்சுன்னா ஜாதிக்கு ஒரு கட்சியாகி, ஆளுக்கு 3 எம்.எல்.ஏ. வச்சுக்கிட்டு ஆட்சியை ஆட்டி வைப்பாங்க. இஸ்ரேல்ல அதுதான நடக்குது?

பாண்டி, ஆரப்பாளையம்

விகிதாச்சாரம்னா 50 சதவீதம் வாங்குனாத்தான் ஜெயிச்சதா அறிவிப்பாங்க, யாரும் வாங்கலைன்னா முதல் ரெண்டு பேருக்கு மட்டும் மறுபடி தேர்தல் வைப்பாங்க, அதான? அது நல்லதுதானே அண்ணே. 30 சதவீதம் வாங்குனவன் எல்லாம் எம்.எல்.ஏ. ஆக முடியாதுல்ல.

சேது, திருநகர்

தம்பி பாண்டி, நீங்க சொல்றது பிரான்சில் இருக்கிற மாதிரியான இரண்டு சுற்று முறை. அதிலும் ஒரு தொகுதிக்கு ஒரே ஆள்தான், கடைசியில் மற்றவர்கள் எல்லாரும் வெளியே. விகிதாச்சாரத்தில் ஒரு பெரிய தொகுதிக்குப் பல இடங்கள் இருக்கும். கட்சிகள் வாங்கின ஓட்டுக்கு ஏற்ற மாதிரி அந்த இடங்களைப் பங்கு போடுவார்கள்.

மூர்த்தி அண்ணன் சொன்ன இஸ்ரேல் உதாரணம் பாதி சரி. அங்கே நாடு முழுக்க ஒரே தொகுதி, 120 இடம், குறைந்தபட்சம் 3.25 சதவீதம் வாங்கினால் போதும். அதனால் கட்சிகள் பெருகுவதும், சின்னக் கட்சி பேரம் பேசுவதும் உண்மைதான். ஆனால் விகிதாச்சாரம் என்றாலே அப்படித்தான் என்று இல்லை. தொகுதி எவ்வளவு பெரியது, தடைக்கோடு எவ்வளவு உயரம் என்கிற இரண்டும் சேர்ந்துதான் சின்னக் கட்சியின் தலையெழுத்தை முடிவு செய்யும். இன்றைக்கு ராத்திரி மதுரை மாவட்டத்தை வைத்தே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஜெயராஜ், கே.கே. நகர்

பணியில் இருந்த காலத்தில் பல தேர்தல்களில் ஓட்டு எண்ணும் மேஜையில் உட்கார்ந்தவன். சேது சாரின் ஒப்பீட்டில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சேர்த்தே ஆக வேண்டும்.

காங்கிரசின் 8.38 வேறு, தேமுதிகவின் 8.38 வேறு. காங்கிரஸ் நின்றது 48 தொகுதியில். 27.6 லட்சத்தை 48-ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 57,000 ஓட்டு. அதில் கணிசமான பங்கு திமுக, பாமக, கம்யூனிஸ்ட்காரர்கள் போட்டது. தேமுதிக நின்றது 232 தொகுதியில். அதே எண்ணை 232-ஆல் வகுத்தால் தொகுதிக்கு 12,000-க்குக் கொஞ்சம் கீழே. ஒரு தொகுதியில் சராசரியாக 1.4 லட்சம் ஓட்டு பதிவாகிற இடத்தில் 12,000 வைத்துக்கொண்டு யாரை ஜெயிப்பது?

காங்கிரஸ் 34 வாங்கியது அந்தக் கட்சியின் பலம் என்பதைவிட கூட்டணியின் பலம். 2011-ல் தேமுதிக 29 வாங்கியதும் அப்படியே. இதே கட்சி 2016-ல் பெரிய கட்சிகள் இரண்டையும் விட்டுவிட்டு மக்கள் நலக் கூட்டணியோடு 104 இடத்தில் நின்றது. 2.39 சதவீத ஓட்டு, ஒரு இடமும் இல்லை.

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் விகிதாச்சார முறை வேறு உருவத்தில் ஏற்கனவே நடக்கிறது. சின்னக் கட்சியின் செல்வாக்கை அளந்து, அதற்கு எத்தனை இடம் என்று பெரிய கட்சி அலுவலகத்தில் தொகுதிப் பங்கீட்டுக் குழு முடிவு செய்கிறது. வாக்காளர் முடிவு செய்ய வேண்டிய பங்கை அங்கே நாலு பேர் முடிவு செய்கிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

அதற்குக் கொடுக்கிற விலையும் சாதாரணமில்லை. 2021-ல் மதுரை தெற்கில் ஜெயித்தவர் மதிமுககாரர். ஆனால் நின்றது உதயசூரியன் சின்னத்தில். அந்த ஓட்டு ஆணையக் கணக்கில் திமுக பெயரில்தான் ஏறும். சபையிலும் திமுக கொறடா சொல்கிறபடிதான் கை தூக்க வேண்டும். இடம் கிடைத்தது, கட்சியின் முகம் போய்விட்டது.

கலைச்செல்வி, மேலூர்

நான் அரசியல் பாடம் படிச்சவ இல்ல. உள்ளாட்சித் தேர்தல்ல ஒரு சின்னக் கட்சி சார்பா வார்டு கவுன்சிலருக்கு நின்னேன். மூணாவது வந்தேன். வீடு வீடாப் போனப்ப யாரும் என்னை வேண்டாம்னு சொல்லல. ஒரு பெரியம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "நீ நல்ல பிள்ளைதாம்மா, வேலை செய்வ. ஆனா நீ ஜெயிக்க மாட்ட. ஒனக்குப் போட்டா என் ஓட்டு வீணாப் போயிரும். அந்தப் பய வந்துரக் கூடாதுன்னு இந்தப் பயலுக்குப் போடுறேன்." இதையே எத்தனையோ வீட்டுல கேட்டேன்.

நீங்க சொல்ற விகிதாச்சாரம் வந்தா என் வார்டு எனக்குக் கிடைச்சிருக்குமா சார்?

சேது, திருநகர்

கலைச்செல்வி, உங்கள் வார்டு கிடைத்திருக்காதும்மா. ஒரு வார்டுக்கு ஒரே கவுன்சிலர் என்றால் பங்கு போட அங்கே ஒன்றும் இல்லை. பேரூராட்சியோ நகராட்சியோ, மொத்த ஓட்டையும் சேர்த்து இடத்தைப் பகிர்ந்தால்தான் உங்கள் கட்சிக்கு வாய்ப்பு. அந்த இடத்தில் உட்காருவது நீங்களா வேறு ஆளா என்பது பட்டியலில் உங்கள் பெயர் எத்தனாவது என்பதைப் பொறுத்தது.

ஆனால் அந்தப் பெரியம்மா சொன்னது இந்த விவாதத்துக்கே மையமான விஷயம். 1950-களில் மொரீஸ் துவெர்ஜே என்ற பிரெஞ்சு அறிஞர் இதைத்தான் எழுதினார். இந்த முறை சின்னக் கட்சியை இரண்டு தடவை அடிக்கிறது. போட்ட ஓட்டை எண்ணி முடித்ததும் இடம் தராமல் அடிப்பது ஒன்று. அப்படித்தான் ஆகும் என்று தெரிந்து, ஓட்டுப் போடுவதற்கு முன்னாடியே வாக்காளர் விலகிப் போவது இன்னொன்று. முதல் அடியைக் கணக்குப் போட்டுக் காட்டலாம். இரண்டாவது எந்தப் பட்டியலிலும் தெரியாது. 2006-ல் தேமுதிகவுக்கு 8.38 என்றால், போட நினைத்துப் போடாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, நேற்றுச் சொன்ன கணக்கு. 2006-ல் திமுக கூட்டணிக்கு 44.75 சதவீதம், அதிமுக கூட்டணிக்கு 39.91, தேமுதிகவுக்கு 8.38. இந்த மாநிலச் சராசரியை அப்படியே மதுரைக்கும் எடுத்துக்கொள்வோம். மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை இப்போது மாவட்டத்தில் உள்ள 10 தொகுதியையும் கலைத்து, 10 இடம் கொண்ட ஒரே தொகுதியாக்கி, ஒவ்வொரு கூட்டணியும் ஒரு பட்டியல் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் உள்ள தோன்த் முறைப்படி ஒவ்வொரு பட்டியலின் ஓட்டையும் 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போக வேண்டும். வருகிற எண்களில் பெரிதான 10 எண்ணுக்கு இடம்.

திமுக அணி: 44.75, 22.38, 14.92, 11.19, 8.95, 7.46
அதிமுக அணி: 39.91, 19.96, 13.30, 9.98, 7.98
தேமுதிக: 8.38, 4.19

மேலிருந்து எண்ணி வாருங்கள். ஒன்பதாவது இடம் 8.95-க்கு, அதாவது திமுக அணிக்குப் போகிறது. பத்தாவது பெரிய எண் 8.38. மதுரையின் கடைசி இடம் தேமுதிகவுக்கு. முடிவு 5, 4, 1.

இதே ஓட்டை 7 இடம் உள்ள திண்டுக்கல்லில் வையுங்கள். எண்ணிக்கை 11.19-லேயே நின்றுவிடும். 4, 3, பூஜ்யம். 4 இடம் உள்ள தேனியில் 2, 2, பூஜ்யம். தேனியில் இன்னொரு கோளாறும் உண்டு: 45-ம் 40-ம் வாங்கினவர்கள் சமமாகிவிடுகிறார்கள், ஜெயித்தவர் யார் என்றே தெரியாது.

முறை ஒன்று, ஓட்டு ஒன்று. தொகுதியின் அளவு மாறினதும் சின்னக் கட்சியின் விதி மாறிவிட்டது. "விகிதாச்சாரம் கொண்டு வருகிறோம்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, ஒரு தொகுதிக்கு எத்தனை இடம் என்றுதான். நாலு, ஐந்து என்றால் பெயர்தான் விகிதாச்சாரம், பெரிய கட்சிகளுக்கு மட்டும்தான் பலன்.

மூர்த்தி, உசிலம்பட்டி

கணக்கு புரியுது சார். அப்ப மாநிலம் முழுக்க ஒரே தொகுதியாக்கிட்டா?

ஜெயராஜ், கே.கே. நகர்

அப்படிச் செய்தால் 234-ல் 8.38 சதவீதம், கிட்டத்தட்ட 20 இடம் தேமுதிகவுக்கு. ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி கட்சிகள் பெருகும் என்பதால் ஜெர்மனி போல 5 சதவீதத் தடைக்கோடு போடுவார்கள். அங்கேதான் மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது.

2006-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஓட்டு 2.65 சதவீதம், இடம் 9. இந்தியக் கம்யூனிஸ்ட் 1.61, இடம் 6. விடுதலைச் சிறுத்தைகள் 1.29, இடம் 2. தனிப் பட்டியல் போட்டு 5 சதவீதக் கோட்டில் நின்றால் மூன்று பேருக்கும் பூஜ்யம். 2024-லும் அதே கதைதான்: மார்க்சிஸ்ட் கட்சிக்கு மாநிலத்தில் இரண்டரை சதவீதம், ஆனால் மதுரை, திண்டுக்கல் என்று 2 எம்.பி. நாம் தமிழருக்கு 8 சதவீதத்துக்கு மேல், எம்.பி. ஒருத்தரும் இல்லை.

நாம் தமிழரும் அன்றைய தேமுதிகவும் விகிதாச்சாரத்தால் பிழைக்கும். இடதுசாரிகளும் சிறுத்தைகளும் கூட்டணிப் பட்டியலில் ஒட்டிக்கொண்டால்தான் பிழைக்க முடியும். அப்படி ஒட்டினால் மறுபடி அதே பங்கீட்டுக் குழு வந்துவிடும். எல்லாச் சின்னக் கட்சிக்கும் இது வரம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுவது எவ்வளவு கொடுமை என்பதற்கு 2025 ஜெர்மன் தேர்தல். சாரா வாகன்க்னெக்ட் கட்சி 4.98 சதவீதம் வாங்கி வெளியே நின்றது.

ரவி, மட்டக்களப்பு

ஐயாமார் கதைக்கிறதை இரண்டு நாளாய் வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். நாங்கள் இரண்டு முறையிலயும் வாழ்ந்து பார்த்த ஆக்கள், அதால சொல்லுறன்.

1977-ல உங்கட முறைதான் இங்கயும் இருந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பாதி வாக்கு, 168-ல 140 ஆசனம். சுதந்திரக் கட்சிக்கு 30 வீதத்துக்குக் கிட்ட, 8 ஆசனம். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 7 வீதமும் இல்லை, 18 ஆசனம்! அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். சேது ஐயா சொன்ன குவியலுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் இராது. வடக்கு கிழக்கில எங்கட வாக்கு ஒரே இடத்தில கிடந்தது.

1978 யாப்பு விகிதாசாரத்தைக் கொண்டு வந்தது. முதல் பொதுத்தேர்தல் 1989-லதான் நடந்தது. இப்ப 22 தேர்தல் மாவட்டத்துக்கு 196 ஆசனம், தேசியப் பட்டியலில 29. மாவட்டத்தில முதலாவது வாற கட்சிக்கு ஒரு ஆசனம் போனசாய்க் குடுப்பினம். ஆரம்பத்தில வெட்டுப்புள்ளி பன்னிரண்டரை வீதம். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரஃப் பிரேமதாசாவோட பேசித்தான் அது 5 வீதம் ஆனது. அந்த ஒரு இலக்கம் குறையாட்டில் முஸ்லிம் காங்கிரஸ் போல கட்சிகள் கிழக்குக்கு வெளியில தலையெடுத்திராது.

ஆனா ஒற்றுமையில்லாட்டில் எந்த முறையும் காப்பாற்றாது. 2020-ல அம்பாறை மாவட்டத்தில 7 ஆசனம். தமிழ் வாக்கைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கருணா அம்மான்ர கட்சியும் பிரிச்சுக்கொண்டினம். இரண்டு பக்கமும் 25,000-க்கு மேல எடுத்தும் ஒரு தமிழ் ஆளும் தெரிவாகேல்லை. பிறகு கூட்டமைப்பு தன்ர தேசியப் பட்டியல் ஆசனத்தை அம்பாறைக்குக் குடுத்தது. உங்கட மாதிரி சின்ன மாவட்டக் கணக்கில பிரிஞ்சு நிண்டால் தண்டனை அதேதான்.

மூர்த்தி, உசிலம்பட்டி

ரவி, நன்றி. இது தெரியாத விஷயம் எனக்கு.

சேது சார், எனக்கு இன்னும் மனசு ஒப்பல. 58 கிராமக் கால்வாயில தண்ணி திறக்கச் சொல்லி நாங்க எத்தனை வருஷமாப் போராடுறோம். இப்ப உசிலம்பட்டி எம்.எல்.ஏ.ன்னு ஒருத்தர் இருக்காரு. அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கலாம், அடுத்த தேர்தல்ல தோக்கடிக்கலாம். மதுரை மாவட்டத்துக்கே 10 பேர்னு ஆயிட்டா நான் யார்கிட்ட மனு கொடுக்குறது? பத்துப் பேரும் "அது என் வேலை இல்ல"ம்பாங்க. அதுவும் பத்துல எட்டுப் பேரு மதுரை டவுனுக்குள்ளயே இருப்பாங்க.

சேது, திருநகர்

அண்ணே, விகிதாச்சாரத்துக்கு எதிராக எனக்குத் தெரிந்த வாதங்களில் நீங்கள் சொன்னதுதான் வலுவானது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதிலாக ஒன்று சொல்கிறேன். 1999-ல் சட்ட ஆணையம் தன் 170-வது அறிக்கையில் ஒரு நடுவழி சொன்னது: இருக்கிற தொகுதிகள் அப்படியே இருக்கட்டும், மக்களவையில் கூடுதலாக 25 சதவீத இடம் சேர்த்து அதை மட்டும் கட்சிப் பட்டியல் மூலம் நிரப்பலாம். அதைச் சட்டமன்றத்துக்கும் பொருத்திப் பார்த்தால், உங்கள் உசிலம்பட்டி எம்.எல்.ஏ. இருப்பார், பரவிக் கிடக்கிற கட்சிக்கும் ஒரு வாசல் திறக்கும்.

பட்டியல் இடம் சின்னக் கட்சிக்கு எவ்வளவு உதவும் என்பது பிரிக்கிற விதத்தில் இருக்கிறது. பட்டியல் இடங்களை மட்டும் தனியாகப் பங்கு போட்டால் பெரிய கட்சி இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்ளும். தொகுதியில் ஏற்கனவே வாங்கினதைக் கழித்துக்கொண்டு, மொத்தச் சபையும் ஓட்டு விகிதத்துக்கு வருகிற மாதிரி ஈடுசெய்தால்தான் 2006 தேமுதிக போன்ற கட்சிக்கு உண்மையான பலன்.

ஜெயராஜ், கே.கே. நகர்

சட்டப் பக்கம் ஒரு குறிப்பு. ஒரு தொகுதிக்கு ஒருத்தர்தான் என்பது இந்தியாவில் ஆதியிலிருந்து வந்ததில்லை. 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1961-ல் சட்டம் போட்டு எடுத்தார்கள். ஆனால் அவையும் விகிதாச்சாரம் கிடையாது, அதிக ஓட்டு வாங்கினவருக்கே இடம். மாநிலம் முழுக்கப் பட்டியல் என்றால் அரசியலமைப்பின் 170-வது பிரிவையே திருத்த வேண்டும். அங்கே தொகுதிகளிலிருந்து நேரடித் தேர்தல் என்றுதான் எழுதியிருக்கிறது.

இன்னொன்று. எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைக்கு ஓட்டுப் போடுவது விகிதாச்சார முறையில்தான். 6 இடம் காலியானால் 34 எம்.எல்.ஏ. இருந்தால் ஒரு எம்.பி. நிச்சயம். அரசியல்வாதிகள் தங்களுக்குள் ஓட்டுப் போடும்போது வைத்துக்கொண்ட முறையை மக்கள் ஓட்டுப் போடும்போது தர மறுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுத்தறிவு குறைவு, நிலையான ஆட்சி வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் காரணம் சொன்னார். முதல் காரணம் இன்றைக்கு நிற்காது. இரண்டாவது இன்னும் நிற்கிறது.

கலைச்செல்வி, மேலூர்

எனக்கு ஒரு சந்தேகம். பட்டியல்ல யார் பேரு முதல்ல, யார் பேரு கடைசியிலன்னு யாரு எழுதுவாங்க? தலைவர்தான எழுதுவாரு? அப்ப வாக்காளர்கிட்ட கெஞ்சுறதுக்குப் பதிலா தலைவர் வீட்டுல காத்துக் கிடக்கணும். என்னை மாதிரிப் பொம்பளை பேரை எத்தனாவது இடத்துல போடுவாங்க?

ரவி, மட்டக்களப்பு

அக்கா, அதுக்குத்தான் எங்களிட்ட விருப்பு வாக்கு இருக்கு. கட்சிக்குப் புள்ளடி போட்டுட்டு, அந்தப் பட்டியலில மூன்று பேர் வரைக்கும் இலக்கம் பார்த்துத் தெரிவு செய்யலாம். வரிசையை வாக்காளர்தான் தீர்மானிக்கிறது. ஆனா அதால வந்த வினையையும் சொல்லவேணும். மாவட்டம் முழுக்க விருப்பு வாக்குத் தேடி அலைய நிறையக் காசு வேணும். எதிர்க்கட்சிக்காரனை விட்டுட்டு ஒரே பட்டியலில நிக்கிறவையே ஒருத்தரை ஒருத்தர் வெட்டி விழுத்தப் பார்ப்பினம். பெண்கள் அதில நிண்டு பிடிக்கிறது மிச்சம் கஷ்டம்.

கலைச்செல்வி, மேலூர்

அப்ப வரிசையைத் தலைவர் எழுதினாலும் தப்பு, வாக்காளர் எழுதினாலும் காசு உள்ளவங்களுக்குத்தானா? ஆண் ஒண்ணு பெண் ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் பேரு எழுதணும்னு சட்டத்துலயே போட முடியாதா சேது சார்?

சேது, திருநகர்

போடலாம்மா. பட்டியல் முறை வைத்திருக்கிற சில நாடுகள் அப்படிச் சட்டமே போட்டிருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு இடம் ஜெயிக்கிற சின்னக் கட்சியில் முதல் பெயர் மட்டும்தான் உள்ளே போகும். மதுரையில் அந்தப் பத்தாவது இடம் வாங்கின கட்சியில் முதல் பெயராக யாரை எழுதுவார்கள் என்பதைச் சட்டத்தால் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று எனக்குப் பிடிபடவில்லை. ரவி, இலங்கையில் இதற்கு ஏதாவது முயற்சி நடந்திருந்தால் எழுதுங்கள்.